நாலு ஊரில் நாலு பேர், ஒரே படம்: கோப்புகளைக் குழப்பமில்லாமல் கைமாற்ற முழுமையான வழிகாட்டி

ஒரு 10 நிமிட ஆவணப்படத்தை எடுத்துக்கொள்வோம். இயக்குநர் ஓர் ஊரில், எடிட்டர் இன்னோர் ஊரில். கலரிஸ்டும் சவுண்ட் மிக்ஸரும் ஆளுக்கொரு ஊரில். நாலு பேரும் ஒரே அறையில் உட்காரப்போவதில்லை. மொத்தம் 6 மணி நேரக் காட்சி படமாகியிருக்கிறது. 4கே அளவில், வினாடிக்கு 24 பிரேம், புரோரெஸ் 422 வடிவம். படத்துக்கு NADHI என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இப்படிப்பட்ட குழுவில் வேலை சிக்குவது திறமைக் குறைவால் அல்ல. ஒருவர் 'அனுப்பிட்டேன்' என்று நினைக்கிறார், இன்னொருவர் 'இன்னும் வரலையே' என்று காத்திருக்கிறார். இல்லாவிட்டால் இருவரும் ஒரே பெயருள்ள இரண்டு வேறு கோப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபோனில் வாதாடுகிறார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான தகராறு இந்த இரண்டில் ஒன்றுதான். கீழே சொல்லும் ஒழுங்கு இரண்டையும் தடுப்பதற்காக.

டிரைவை யார் பெயரில் வைப்பது

முதல் வேலை, பொது டிரைவை ஒரு தனிநபரின் கணக்கில் வைக்காமல் இருப்பது. கூகுள் டிரைவை வைத்துச் சொல்கிறேன், மற்றவற்றிலும் யோசனை இதுதான். 'மை டிரைவ்' என்பதில் ஒரு ஃபோல்டரை உருவாக்கிப் பகிர்ந்தால், அதில் உள்ள கோப்புகள் ஏற்றியவரின் கணக்குக்கே சொந்தம். அவர் விலகிக் கணக்கு மூடப்பட்டால் கோப்பும் போய்விடும். 'ஷேர்டு டிரைவ்' என்பதில் வைத்தால் கோப்பு குழுவுக்குச் சொந்தம். ஆள் போனாலும் கோப்பு நிற்கும். இந்த வசதி நிறுவனக் கணக்குகளில்தான் கிடைக்கும் என்பதால், தயாரிப்பு நிறுவனத்தின் கணக்கில் அதைத் திறந்து மற்றவர்களை உறுப்பினராகச் சேர்ப்பது வழக்கம்.

உரிமை கொடுப்பதில் தாராளம் வேண்டாம். ஒருவர் மட்டும் மேனேஜர். இந்தக் குழுவில் அது எடிட்டராக இருப்பது நல்லது, ஏனென்றால் எல்லாக் கோப்பும் அவர் வழியாகத்தான் போய் வரும். கலரிஸ்டுக்கும் மிக்ஸருக்கும் கான்ட்ரிபியூட்டர் உரிமை போதும்: கோப்பு சேர்க்கலாம், ஆனால் மற்ற கோப்புகளை இடம் மாற்றவோ அழிக்கவோ முடியாது. இயக்குநருக்குப் பார்க்கும் உரிமை மட்டும். 'என் படத்திலேயே எனக்கு உரிமை இல்லையா' என்று அவர் கேட்கக்கூடும். ஃபோல்டரைத் தற்செயலாக இழுத்து வேறு இடத்தில் போட்டுவிடும் ஆபத்தை எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார். அவர் வேலை செய்யும் இடம் ரிவ்யூ லிங்க்; அதற்குப் பிறகு வருகிறேன்.

உள்ளே ஆறு ஃபோல்டர் போதும்:

```
NADHI/
  01_PROXY
  02_PROJECT
  03_MUSIC_GFX
  04_REVIEW
  05_HANDOFF
  06_RETURN
```

05-இல் எடிட்டரிடமிருந்து வெளியே போவது. 06-இல் மற்றவர்களிடமிருந்து எடிட்டருக்குத் திரும்பி வருவது. போவதையும் வருவதையும் ஒரே ஃபோல்டரில் போட்டால் இரண்டாம் வாரத்திலேயே எது எதற்குப் பதில் என்று தெரியாது. 05-இல் ஒருமுறை வைத்ததை யாரும் தொடக்கூடாது, எடிட்டர் உட்பட. தப்பு இருந்தால் புது எண்ணோடு புது ஃபோல்டர்.

02-இல் ஓர் எச்சரிக்கை. எடிட்டிங் புராஜெக்ட் கோப்பை டிரைவிலிருந்தே நேராகத் திறந்து வேலை செய்யாதீர்கள். இரண்டு கணினி ஒரே நேரத்தில் அதைத் திறந்தால், கடைசியாகச் சேமித்தவரின் வேலை மற்றவருடையதை விழுங்கலாம், அல்லது பக்கத்திலேயே இரண்டாவது பிரதி ஒன்று முளைக்கலாம். சொந்தக் கணினியில் வேலை, நாள் முடிவில் ஒரு பிரதி டிரைவுக்கு. அவ்வளவுதான்.

பெயர் வைப்பது

இதை நீட்ட மாட்டேன். ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு. இவை மூன்றும் மட்டும். இடைவெளியும் விண்டோஸ் ஏற்காத `: ? * |` போன்ற குறிகளும் வேண்டாம். தமிழில் பெயர் வைக்க ஆசை இருக்கும். டிரைவில் நன்றாகத்தான் தெரியும். ஆனால் அந்தப் பெயர் பழைய எடிட் பட்டியல் வடிவங்களுக்குள் போகும்போது சிதைந்து, கலரிஸ்டின் கணினியில் ஷாட்டுகள் இணையாமல் போகலாம்.

இன்னொன்று: எண் என்பது படத்தொகுப்பின் எண். `v12` என்ற தொகுப்பிலிருந்து பிறக்கும் எல்லாமே, ஒலிக் கோப்பு, வண்ணக் கோப்பு, சப்டைட்டில், போஸ்டருக்கு எடுத்த ஸ்டில் வரை, `v12` என்றே தாங்க வேண்டும். மிக்ஸர் இரண்டாவது முறை மிக்ஸ் செய்து அனுப்பினால் `NADHI_v12_MIX_02`. படம் எது, மிக்ஸ் எத்தனையாவது என்று இரண்டும் பெயரிலேயே தெரியும். 'ஃபைனல்' என்ற சொல்லுக்குப் பெயரில் இடமில்லை. ஃபைனலுக்கு அப்புறம் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

எதை ஏற்றுவது, எதைக் கூரியரில் அனுப்புவது

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். 4கே, 24 பிரேம், புரோரெஸ் 422 என்றால் ஏறத்தாழ வினாடிக்கு 471 மெகாபிட். மணிக்குச் சுமார் 212 ஜிபி. 6 மணி நேரத்துக்கு 1.27 டிபி. உங்கள் இணையத்தின் ஏற்றும் வேகம் 40 எம்பிபிஎஸ் என்று வைத்தால், வினாடிக்கு 5 எம்பி போகும். இடைவிடாமல் ஓடினாலும் 70 மணி நேரம். போதாததற்கு கூகுள் டிரைவில் ஒருவர் ஒரு நாளைக்கு 750 ஜிபி வரைதான் ஏற்ற முடியும். கம்பெனிக்காரர் விளம்பரத்தில் சொல்லும் வேகம் பெரும்பாலும் இறக்கும் வேகம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே மூலக் காட்சிகள் ஹார்ட் டிஸ்கில், கூரியரில். இரண்டு டிஸ்கில் ஒரே பிரதி: ஒன்று எடிட்டருக்கு, ஒன்று படமெடுத்த இடத்திலேயே. இரண்டும் ஒரே பெட்டியில் பயணம் செய்யக்கூடாது.

டிரைவில் ஏறுவது ப்ராக்ஸி, அதாவது எடிட்டிங்குக்கான இலேசான பிரதி மட்டும். அதே காட்சியை 1080 அளவில் புரோரெஸ் ப்ராக்ஸியாக மாற்றினால் வினாடிக்குச் சுமார் 36 மெகாபிட். 6 மணி நேரமும் சேர்ந்து சுமார் 97 ஜிபிதான் வரும். அதே 40 எம்பிபிஎஸ்ஸில் ஐந்தரை மணி நேரம். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் ஏறியிருக்கும்.

ப்ராக்ஸி செய்யும்போது நான்கு விஷயம் மூலத்தோடு பொருந்த வேண்டும்: கோப்பின் பெயர், ஒவ்வொரு பிரேமுக்கும் உரிய நேர எண்ணான டைம்கோடு, பிரேம் வேகம், ஒலி சேனல்களின் எண்ணிக்கை. இதில் கடைசியைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். கேமராவில் 4 சேனல் பதிவாகியிருந்து ப்ராக்ஸியில் 2 மட்டும் இருந்தால், மென்பொருள் ப்ராக்ஸியை இணைக்க மறுக்கலாம். இணைத்துக்கொண்டாலும் கடைசியில் மிக்ஸருக்குப் போகும்போது காலர் மைக்கின் தடம் காணாமல் போயிருக்கும்.

ரிவ்யூ லிங்க்: கருத்து வாங்கும் இடம்

இயக்குநர் பார்க்கும் பிரதியை டிரைவ் லிங்காக அனுப்பாமல், Frame.io போன்ற ரிவ்யூ தளத்தில் வையுங்கள். அங்கே எழுதும் ஒவ்வொரு கருத்தும் எந்த பிரேமில் எழுதப்பட்டதோ அங்கேயே ஒட்டிக்கொள்ளும். '2 நிமிஷம் கிட்ட வர்ற அந்த ஷாட்' என்ற வகைக் குறிப்புகள் அதோடு ஒழியும்.

ஆனால் லிங்க் இருந்தாலே போதாது. இப்படி ஒரு நிலையைப் பாருங்கள். எடிட்டர் v07-ஐ ஏற்றிவிட்டார். அதில் 2-ஆம் நிமிடத்தில் 3 வினாடி 10 பிரேம் குறைத்திருக்கிறார். இயக்குநர் ஃபோனில் சேமித்து வைத்திருந்த பழைய லிங்கைத் திறந்து, v06-இல் 18 கருத்து எழுதுகிறார். 2-ஆம் நிமிடத்துக்கு முன்னால் உள்ளவை சரியாகப் பொருந்தும். அதற்குப் பின் உள்ள ஒவ்வொன்றும் 3 வினாடி 10 பிரேம் தள்ளி நிற்கும். 'இந்த முகத்தில் வெட்டு' என்று சொன்னது அடுத்த ஷாட்டில் விழும். எடிட்டருக்கு இயக்குநரின் ரசனை மேலேயே சந்தேகம் வரும்! கருத்துகள் ஓர் இடம் வரை பொருந்தி, அதற்குமேல் எல்லாமே ஒரே அளவு தள்ளியிருந்தால், பார்த்தது பழைய பிரதி என்று உடனே முடிவுகட்டலாம்.

இதைத் தடுக்க மூன்று பழக்கம்:

1. ஒவ்வொரு பிரதிக்கும் புது லிங்க் அனுப்பாதீர்கள். புதிய பிரதியைப் பழையதன் மேல் இழுத்துப் போட்டு ஒரே அடுக்காக்குங்கள். ஒரே லிங்க், அதில் எப்போதும் புதியதே முதலில் தெரியும்படி அமையுங்கள்.
2. படத்தின் மூலையில் `v07` என்றும் டைம்கோடும் சிறிய எழுத்தில் படத்தோடு சேர்த்தே எரித்துவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட் வந்தாலும் எந்தப் பிரதி என்று தெரியும்.
3. பிளேயரில் காட்டப்படும் நேரம் எது என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். எடிட்டரின் டைம்லைன் 01:00:00:00-இல் தொடங்கும். பிளேயர் பூஜ்யத்திலிருந்து எண்ணக்கூடும். ஃபோனில் பேசும்போது படத்தில் எரித்த எண்ணைத்தான் சொல்ல வேண்டும்.

லிங்கின் அமைப்பில் டவுன்லோடை அணைத்து, கடவுச்சொல் போட்டு, காலாவதித் தேதி வையுங்கள்.

கருத்து எழுதுவதிலும் ஒழுங்கு தேவை. ஒரு கருத்தில் ஒரே விஷயம். 'இசை குறையணும், அப்புறம் இந்த ஷாட் நீளம், டைட்டில் எழுத்து மாத்துங்க' என்று ஒரே பெட்டியில் எழுதினால், எடிட்டர் எதை முடித்துவிட்டதாக டிக் செய்வார்? தயாரிப்பாளரும் கருத்து எழுதுவார் என்றால், இருவர் சொல்வதும் முரண்படும் இடத்தில் யார் முடிவு என்பதை ஆரம்பத்திலேயே எழுத்தில் வையுங்கள். ஃபோனில் சொன்னது லிங்கில் ஏறும் வரை சொல்லாததற்குச் சமம். சொன்னவரே ஏற்ற வேண்டும், கேட்டவர் அல்ல.

ரிவ்யூ லிங்கில் பார்த்து வண்ணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். சுருக்கப்பட்ட படத்தில் இருட்டுப் பகுதிகள் பட்டைபட்டையாகத் தெரியும். ஒரே கோப்பு ஒரு பிரௌசரில் வெளிறியும் இன்னொன்றில் அடர்ந்தும் தெரியும். கலரிஸ்டும் இயக்குநரும் ஒரே மாடல் டேப்லெட்டில், தானாக நிறம் மாற்றும் வசதிகளை அணைத்துவிட்டுப் பார்ப்பது ஓரளவு நம்பகமான வழி.

லாக் செய்வது

v12-இல் எல்லோருக்கும் திருப்தி. இனி வெட்டு மாறாது என்ற பொருளில், இப்போது இயக்குநர் லிங்கிலேயே 'v12 லாக்' என்று ஒரு கருத்து எழுத வேண்டும். வாய்மொழி வேண்டாம். ஒலியும் வண்ணமும் இணையாக நடக்கப்போகிற வேலைகள். இருவரும் இதே நீளத்தை நம்பித்தான் தொடங்குகிறார்கள்.

மிக்ஸருக்குப் போகும் பொதி

`05_HANDOFF` உள்ளே `NADHI_v12_SOUND` என்று ஒரு ஃபோல்டர். அதில் நாலே பொருள்: ஒலி வெட்டுகளை மிக்ஸரின் மென்பொருளுக்குக் கொண்டுபோகும் ஏஏஎஃப் கோப்பு, அதன் ஒலிக் கோப்புகள், டைம்கோடு எரித்த ரெஃபரன்ஸ் வீடியோ, ஒரு குறிப்பு.

ஏஏஎஃப் எடுக்கும்போது ஹேண்டில் கேட்கும். ஒவ்வொரு ஒலித்துண்டின் இருபுறமும் வெட்டுக்கு அப்பால் எவ்வளவு மிச்சம் வேண்டும் என்பதுதான் அது. குறைந்தது 5 வினாடி, அதாவது 120 பிரேம் கொடுங்கள். பேச்சுக்கு நடுவே உள்ள அமைதியை எடுத்து ஒட்டுப்போட மிக்ஸருக்கு அது வேண்டும். ஒலி எவ்வளவு நீண்டாலும் கோப்பின் அளவு பெரிதாக ஏறாது, கஞ்சத்தனம் வேண்டாம்.

படம் 01:00:00:00-இல் தொடங்குகிறது என்றால், 2 வினாடி முன்னால் 00:59:58:00-இல் ஒரே ஒரு பிரேம் நீளத்துக்கு 1 கிலோஹெர்ட்ஸ் 'பீப்' வையுங்கள். படம் முடிந்து 2 வினாடி கழித்து இன்னொன்று. இந்த இரண்டு பீப்புக்கும் எதற்கு இவ்வளவு மரியாதை என்பது திரும்பி வரும்போது தெரியும்.

குறிப்பு இப்படி இருந்தால் போதும்:

```
NADHI_v12_SOUND
பிரேம் வேகம்: 24 (23.976 அல்ல)
தொடக்கம்: 01:00:00:00
நீளம்: 00:10:04:12
ஒலி: 48 kHz, 24 bit
ஹேண்டில்: 120 பிரேம்
தெரிந்த குறை: 01:03:40 பேட்டியில் காலர் மைக் இல்லை
திரும்ப வேண்டியது: பேச்சு, இசை, எஃபெக்ட்ஸ் தனித்தனி + முழு மிக்ஸ்
```

'தெரிந்த குறை' என்ற வரி மிக முக்கியம். அது இல்லாவிட்டால், மிக்ஸர் காலர் மைக்கின் தடத்தைத் தேடி அரை நாள் வீணாக்கி, கடைசியில் ஏஏஎஃப் கெட்டுப்போயிருக்கிறது என்று திருப்பி அனுப்புவார்.

கலரிஸ்டுக்குப் போகும் பொதி

கலரிஸ்டுக்கு மூலக் காட்சி வேண்டும், ஆனால் 1.27 டிபியும் வேண்டாம். படத்தில் பயன்பட்ட துண்டுகளை மட்டும் எடுத்தால் போதும். 140 ஷாட் என்று வைப்போம். ஒவ்வொன்றுக்கும் இருபுறமும் 1 வினாடி ஹேண்டில். மொத்தம் 280 வினாடி கூடுதல். படத்தின் 10 நிமிடத்தோடு சேர்த்தால் 880 வினாடி, ஏறத்தாழ 52 ஜிபி. 40 எம்பிபிஎஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்குள் ஏறிவிடும். புரோரெஸ்ஸில் ஒவ்வொரு பிரேமும் தனித்தனியாக இருப்பதால் இப்படித் துண்டாக்கலாம். ட்ரோன், ஃபோன் போன்றவற்றின் எச்.264 காட்சிகளை அப்படி வெட்டும்போது சிக்கல் வரும். அவற்றை முழுக் கிளிப்பாகவே கொடுங்கள்.

டைம்லைனை அனுப்புமுன் எல்லா ஷாட்டையும் முடிந்தவரை ஒரே வீடியோ தடத்துக்கு இறக்குங்கள். உள்ளுக்குள் உள்ள சீக்வென்ஸ்களைப் பிரியுங்கள். எடிட்டர் போட்ட வேக மாற்றம், நடுக்கம் நீக்கல், எஃபெக்ட் ஆகியவை டைம்லைனைக் கொண்டுபோகும் எக்ஸ்எம்எல் கோப்பு வழியாக வேறு மென்பொருளுக்குச் சரியாகப் போகாது. அப்படிப்பட்ட ஷாட்டுகளின் டைம்கோடுகளைக் குறிப்பில் எழுதுங்கள். கூடவே v12-இன் ரெஃபரன்ஸ் வீடியோ. கலரிஸ்ட் தன் டைம்லைனையும் ரெஃபரன்ஸையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஓட்டிப் பார்ப்பார். எந்த ஷாட் நகர்ந்திருக்கிறது என்று அப்போதே பிடிபடும்.

வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது

பெரிய ஃபோல்டரை டிரைவின் இணையப் பக்கத்தில் டவுன்லோட் செய்தால் அது பல ஜிப் கோப்புகளாகப் பிரிந்து வரும். அதில் ஒன்று இறங்காமல் போனாலும் ஃபோல்டர் பார்க்க முழுசாகத்தான் இருக்கும். ஒலிப் பொதி சிறியது, எனவே நீங்களே ஒரே ஜிப்பாக்கி ஏற்றுங்கள். அனுப்பும் முன் அதன் செக்சம்மை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்ணை, எடுத்துச் செய்தியில் ஒட்டுங்கள். மேக்கில்:

```
shasum -a 256 NADHI_v12_SOUND.zip
```

விண்டோஸில்:

```
certutil -hashfile NADHI_v12_SOUND.zip SHA256
```

பெறுபவர் அதே கட்டளையை ஓட்டி, வரும் நீண்ட எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார். ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி இறக்க வேண்டும். 52 ஜிபி வண்ணப் பொதிக்கு ஜிப் வேண்டாம். `rclone` என்ற கட்டளைவரி நிரல் மூலம் இறக்கிவிட்டு, அதன் `check` கட்டளையால் டிரைவில் உள்ளதோடு ஒப்பிடலாம். விடுபட்டதையும் கெட்டதையும் பெயரோடு காட்டிவிடும்.

செக்சம் சரியாக இருந்தால் கோப்பு முழுசாக வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். எடிட்டர் தவறான கோப்பை அனுப்பியிருந்தால் அதுவும் பத்திரமாகவே வந்து சேர்ந்திருக்கும். அதனால் பெறுபவர் திறந்து, முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் ஓட்டி, நீளத்தைக் குறிப்போடு ஒப்பிட்டு, 'v12 திறந்தது, நீளம் 10:04:12, விடுபட்டது எதுவும் இல்லை' என்று எழுத வேண்டும். இந்தப் பதில் வந்த பிறகுதான் பொதி கைமாறியது. 24 மணி நேரத்துக்குள் பதில் இல்லை என்றால் எடிட்டர் ஃபோன் போட வேண்டும். கட்டைவிரல் எமோஜியைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது 'உன் செய்தியைப் பார்த்தேன்' என்று மட்டும்தான் சொல்கிறது.

லாக்குக்குப் பிறகு ஒரு மாற்றம்

வரும். கட்டாயம் வரும். இயக்குநருக்கு 6-ஆம் நிமிடத்தில் ஒரு ஷாட் திடீரென்று பிடிக்காமல் போகிறது. நீளம் 1 வினாடி 8 பிரேம். எடிட்டர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: அதே நீளத்தில் வேறு ஷாட் போடலாமா? போட்டால் மிக்ஸருக்கு நேரம் எதுவும் நகராது. கலரிஸ்டுக்கு ஒரே ஒரு ஷாட் போனால் போதும். ஒரு மணி நேர வேலை.

எடுத்தே தீர வேண்டும் என்றால் அது v13. இருவருக்கும் இப்படி ஒரு வரி போக வேண்டும்: '01:06:20:00-இல் 32 பிரேம் நீக்கப்பட்டது, அதற்குப் பின் எல்லாம் 32 பிரேம் முன்னால் வரும், புதிய நீளம் 10:03:04.' கூடவே v13-இன் ரெஃபரன்ஸ் வீடியோ. முழுப் பொதியையும் மறுபடி கொடுத்து 'புதுசைப் பாருங்க' என்று சொன்னால், மிக்ஸர் எங்கே மாறியது என்று 10 நிமிடத்தையும் காதால் தேட வேண்டியிருக்கும்.

திரும்பி வரும்போது

06-இல் மிக்ஸ் வந்திறங்குகிறது. உடனே படத்தை ரசிக்க உட்காராதீர்கள். டைம்லைனில் வைத்து இரண்டு பீப்பையும் பாருங்கள்.

இரண்டும் பொருந்தினால் நல்லது. இரண்டும் ஒரே அளவு தள்ளியிருந்தால் தொடக்கப் புள்ளிதான் தப்பு. முழுசாக நகர்த்தினால் சரியாகிவிடும். முதல் பீப் பொருந்தி, கடைசி பீப் மட்டும் 14 பிரேம் அளவு விலகியிருந்தால், மிக்ஸரின் செஷன் 24-க்குப் பதில் 23.976-இல் இருந்திருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்கு. 10 நிமிடத்தில் 0.6 வினாடி. உதட்டசைவு 3-ஆம் நிமிடத்தில் லேசாக உறுத்தி, போகப் போக மோசமாவதும் இதன் அறிகுறிதான். இதை எடிட்டர் கணினியில் நீட்டிச் சரிசெய்யக்கூடாது, ஒலியின் தரம் கெடும். செஷனை மாற்றி மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மிக்ஸருக்கும் அது சின்ன வேலை.

வண்ணம் முடிந்து வந்ததை v12 ரெஃபரன்ஸின் மேல் வைத்து, 'டிஃபரன்ஸ்' கலப்பு முறையில் ஓட்டுங்கள். வண்ணம் மாறியிருப்பதால் முழுக் கறுப்பாக வராது. ஆனால் ஒரு ஷாட் ஒரு பிரேம் நகர்ந்திருந்தாலும் வெட்டும் இடத்தில் பளிச்சென்று ஒரு மின்னல் தெரியும். அங்கே நிறுத்திப் பார்த்தால் போதும்.

இரண்டும் சரி என்றால் எடிட்டர் ஒன்றுசேர்த்து மாஸ்டர் எடுக்கிறார், அது ஒருமுறை ரிவ்யூ லிங்கில் ஏறுகிறது, இயக்குநர் ஒப்புதல் எழுதுகிறார். அன்றே செய்ய வேண்டிய மூன்று வேலை பாக்கி: எல்லா ரிவ்யூ லிங்கையும் மூடுவது, டிரைவில் மேனேஜர் தவிர மற்ற எல்லோரையும் பார்வையாளர் உரிமைக்கு இறக்குவது, `05_HANDOFF`, `06_RETURN` இரண்டையும் மாஸ்டரோடு சேர்த்து அந்த இரண்டு ஹார்ட் டிஸ்கிலும் பிரதி எடுப்பது. ப்ராக்ஸியை மட்டும் அழித்துவிடலாம்; தேவைப்பட்டால் மூலத்திலிருந்து மறுபடி செய்துகொள்ளலாம்.